காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு எந்த மருந்து, எவ்வளவு?

மாரிமழை ஓய்ந்து நீர் தேங்கி நின்ற காலத்தில், மீள்குடியேற்றத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு கிராமத்துக்கு நாம் போயிருந்தோம். ஒரு கொட்டில் வாசலில் இளம் தாயொருவர் இரண்டரை வயது மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அருகே ஒரு பலகையில் மூன்று மருந்துப் போத்தல்கள் இருந்தன. ஒன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த பரசிற்றமோல் பாணி. மற்றது பக்கத்துக் கொட்டிலில் இரவல் வாங்கிய வேறொரு பரசிற்றமோல் பாணி. மூன்றாவது வெளிநாட்டிலிருக்கும் உறவினர் பொதியில் அனுப்பிய இபுபுரோபன் பாணி.

“பாதர், இதுகளிலே எதைக் குடுக்கிறது? வெளிநாட்டு மருந்து குடுத்தால் காய்ச்சல் கெதியா இறங்குது. ஆனால் பிறகும் வருது” என்றார் அவர்.

“எத்தனை நாளாகக் காய்ச்சல் அம்மா?”

“இண்டைக்கு மூண்டாம் நாள்.”

அந்தப் போத்தல்களுக்கு முன்னால் அத் தாய் கேட்ட கேள்வியே இந்தப் பாடத்தின் பொருள். அதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. முதலாவது, பரசிற்றமோலா இபுபுரோபனா என்பது. இரண்டாவது, எவ்வளவு என்பது. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இரண்டு மருந்துகளும் செய்வது என்ன?

பரசிற்றமோலை எங்கள் மக்கள் பெரும்பாலும் “பனடோல்” என்றே சொல்வார்கள். இபுபுரோபன் வேறொரு மருந்து. இரண்டும் காய்ச்சலை இறக்கும், நோவையும் குறைக்கும். இபுபுரோபனின் பலன் 6 முதல் 8 மணி நேரம் வரை நிற்கும். பரசிற்றமோலின் பலன் 4 முதல் 6 மணி நேரம் வரை நிற்கும். ஆகவே இபுபுரோபன் கூடுதல் “பலமான” மருந்து என்று பலர் எண்ணுகின்றனர்.

ஆனால் இரண்டில் எதுவும் காய்ச்சலுக்குக் காரணமான நோயைக் குணமாக்குவதில்லை. கிருமி உடலுக்குள் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மருந்து செய்வது பிள்ளையின் உடல் உலைவைக் குறைத்து, அது நீராகாரம் குடிக்கவும் உறங்கவும் உதவுவதே. காய்ச்சல் சூடு மூளையைப் பழுதாக்கிவிடும் என்ற பயம் எங்கள் தாய்மாரிடம் உண்டு. சாதாரணத் தொற்றினால் வரும் காய்ச்சல் அப்படிச் செய்வதில்லை. காய்ச்சல் வலிப்பையும் இந்த மருந்துகளால் தடுக்க முடியாது. எனவே வெப்பமானி காட்டும் எண்ணை இறக்குவதற்காக மருந்தை அடுக்கடுக்காகக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. 38 பாகைக்கு மேல் சூடு இருந்தாலும், பிள்ளை விளையாடிக்கொண்டு, குடித்துக்கொண்டு இருந்தால் மருந்தின்றியும் விடலாம். பிள்ளை அந்தரப்பட்டால், உடல் உளைந்தால், குடிக்க மறுத்தால் கொடுக்கலாம்.

2. எமது நாட்டில் ஏன் பரசிற்றமோல் மட்டும்?

டெங்கு இல்லாத குளிர்நாடுகளில் தாய்மார் இந்த இரண்டில் எதையும் வீட்டில் வைத்துக் கொடுக்கின்றனர். அதனால் அங்குள்ள எமது உறவினர் நல்லெண்ணத்துடன் இபுபுரோபனைப் பொதியில் வைத்து அனுப்புகின்றனர். அங்கே அது பிழையான மருந்தன்று. இங்கே நிலைமை வேறு.

இலங்கையில் டெங்கு நுளம்பு ஆண்டு முழுவதும் இருக்கிறது. வடக்கு கிழக்கில் வாடைக்காற்று மழையோடு அது பெருகும். கூடாரங்களும் தறப்பாள் கொட்டில்களும் நெருங்கியிருக்கும் இடங்களில் வாளி, பீப்பா, பொலித்தீன் மடிப்பு, சிரட்டை என நீர் தேங்கும் இடங்கள் மிகுதி. ஆகவே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ, அது டெங்கா வேறு காய்ச்சலா என்று வீட்டில் எவராலும் சொல்ல முடியாது. வைத்தியருக்கும் இரத்தப் பரிசோதனையின்றிச் சொல்வது கடினம்.

டெங்குக் காய்ச்சலில் இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகளின் எண்ணிக்கை குறைகிறது. எஞ்சியிருக்கும் சிறுதட்டுகளின் வேலையையும் இபுபுரோபன் மட்டுப்படுத்துகிறது. அதோடு அது இரைப்பையின் உட்தோலைப் புண்படுத்தும். இவை இரண்டும் ஒன்று சேரும்போது இரைப்பையிலும் குடலிலும் இரத்தக் கசிவு உண்டாகலாம். பிள்ளை வாந்தி எடுத்து உடலில் நீர் வற்றியிருந்தால் இதே மருந்து சிறுநீரகத்தையும் தாக்கும். பரசிற்றமோல், சரியான அளவில் கொடுத்தால், இந்தத் தீங்குகளைச் செய்வதில்லை. அதனால்தான் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறொன்றும் கொடுக்க வேண்டாம் என்று எமது சுகாதாரப் பகுதியினர் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர்.

இந்தத் தடை இபுபுரோபனுக்கு மட்டுமன்று. அதன் இனத்தைச் சேர்ந்த டைகுளோபெனாக், மெபெனமிக் அசிட் என்பனவும் அதே தீங்கைச் செய்யும். டைகுளோபெனாக்கை மலவாயில் வைக்கும் மருந்தாகவும் சிலர் பிள்ளைகளுக்கு வைத்துவிடுகின்றனர். காய்ச்சல் சட்டென இறங்குவதால் அது நல்ல மருந்தெனத் தோன்றும். அதையும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அஸ்பிரின் எந்தக் காய்ச்சலுக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. அது இரத்தக் கசிவை மட்டுமன்றி, மூளையையும் ஈரலையும் தாக்கும் வேறொரு கொடிய நோயையும் உண்டாக்கக்கூடும்.

அப்படியானால் இபுபுரோபனுக்கு இடமே இல்லையா? உண்டு. வைத்தியர் பிள்ளையைப் பார்த்து, இது டெங்கு அல்ல என்று தெளிந்து, காது வலி, பல் வலி, மூட்டு வீக்கம் போன்றவற்றுக்கு எழுதிக் கொடுத்தால் கொடுக்கலாம். அப்போது அளவு, பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 5 முதல் 10 மி.கி. வரை. நாளுக்கு மூன்று தடவைதான், உணவுக்குப் பின். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும், 5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கொடுப்பதில்லை. வாந்தி, வயிற்றோட்டம், கொப்புளிப்பான் உள்ள பிள்ளைக்கும் கொடுப்பதில்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளையாயின் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

ஆகவே முதலாவது கேள்விக்கு விடை இதுவே: காரணம் தெரியாத காய்ச்சலுக்கு வீட்டில் கொடுப்பது பரசிற்றமோல் மட்டும்.

3. அளவு வயதில் இல்லை, எடையில் இருக்கிறது

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சில போத்தல்களில் “1 முதல் 5 வயது வரை 5 முதல் 10 மி.லீ.” என்பது போல வயதைக் கொண்டு அளவு எழுதப்பட்டிருக்கும். நன்கு வளர்ந்த பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்ட அளவு அது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கும் ஒரே வரியில் அளவு சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இடம்பெயர்ந்து, நிவாரண அரிசியிலும் பருப்பிலும் வளர்ந்த எமது பிள்ளைகள் பலர் தம் வயதுக்குரிய எடையில் இல்லை. வயதைப் பார்த்து மருந்து கொடுத்தால் மெலிந்த பிள்ளைக்கே மிகையாகப் போய்ச் சேரும். மெலிந்த பிள்ளையின் ஈரலுக்கு மிகையான பரசிற்றமோலைத் தாங்கும் வலுவும் குறைவு. நாள்கணக்கில் சாப்பிடாதிருந்த பிள்ளைக்கும் இது பொருந்தும்.

நாம் கண்ட அந்தப் பிள்ளைக்கு வயது இரண்டரை. அந்த வயதில் பொதுவாக 12 அல்லது 13 கிலோ இருக்க வேண்டும். கிளினிக் புத்தகத்தைப் பார்த்தோம். கடைசியாக நிறுத்தபோது 10 கிலோ. அந்த 10 கிலோவுக்குத்தான் மருந்து கணக்கிட வேண்டும்.

எடையை எப்படி அறிவது? பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் குடும்பநல உத்தியோகத்தர் எழுதிய கடைசி எடையைப் பாருங்கள். அது சில மாதங்களுக்கு முந்தியதாயின், அல்லது புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டதாயின், மீண்டும் நிறுக்க வேண்டும். நெல் நிறுக்கும் தராசு இருக்கும் இடத்தில் தாய் தனியே ஏறி நின்று எடையைப் பார்க்கட்டும். பின்னர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பிள்ளையின் எடை. தாய் 47 கிலோ, பிள்ளையோடு 57 கிலோ எனில் பிள்ளை 10 கிலோ. ஆனால் கிலோவுக்குக் குறைவான எடையைச் சரியாகக் காட்டும் தராசாக அது இருக்க வேண்டும். தூக்குத் தராசில் ஐந்து கிலோ வித்தியாசம் காட்டும் பழைய தராசை நம்ப வேண்டாம்.

4. கணக்கு

பரசிற்றமோலுக்கு ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள்.

ஒரு தடவைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. அதற்கு மேல் இல்லை. 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. நாளுக்கு 4 தடவைக்கு மேல் இல்லை.

இந்த அளவில் நான்கு தடவை கொடுத்தால் நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு 60 மி.கி. ஆகும். அதுவே நாளின் எல்லை.

இப்போது அந்தப் பிள்ளைக்குக் கணக்குப் போடுவோம். 10 கிலோவை 15 ஆல் பெருக்கினால் 150. ஆகவே ஒரு தடவைக்கு 150 மி.கி. மருந்து. ஆனால் நாம் பிள்ளைக்குக் கொடுப்பது மி.கி. அன்று, பாணி. ஆதலால் அந்தப் பாணியில் எவ்வளவு மருந்து இருக்கிறதென்று போத்தலில் படிக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி.

எமது நாட்டில் பரசிற்றமோல் பாணி இரண்டு வலுவில் வருகிறது. ஒன்றில் 5 மி.லீ. பாணியில் 120 மி.கி. மருந்து. மற்றதில் 5 மி.லீ. பாணியில் 250 மி.கி. மருந்து. நிறத்திலும் போத்தலிலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். ஆனால் இரண்டாவது முதலாவதைவிட இருமடங்குக்குச் சற்று மேல் வலுவுள்ளது. அந்தத் தாயின் பலகையில் இருந்த இரண்டு பரசிற்றமோல் போத்தல்களும் இப்படித்தான். ஆஸ்பத்திரிப் போத்தல் 120. இரவல் போத்தல் 250.

வேண்டிய மி.கி. அளவை 5 ஆல் பெருக்கி, போத்தலில் எழுதிய மி.கி. எண்ணால் வகுத்தால், கொடுக்க வேண்டிய மி.லீ. வரும்.

120 போத்தல்: 150 x 5 = 750. அதை 120 ஆல் வகுத்தால் 6.25. கீழே இறக்கி 6 மி.லீ. கொடுக்கலாம்.

250 போத்தல்: 150 x 5 = 750. அதை 250 ஆல் வகுத்தால் 3. ஆகவே 3 மி.லீ.

ஒரே பிள்ளை, ஒரே மருந்து. ஒரு போத்தலில் 6, மற்றதில் 3. இதை அறியாமல் இரண்டு போத்தலிலும் “ஒரு மூடி” என்று கொடுத்தால் என்ன நடக்கும்? இரவல் போத்தலில் 5 மி.லீ. ஊற்றினால் 250 மி.கி. போகும். அது கிலோவுக்கு 25 மி.கி. அதையே காய்ச்சல் இறங்கவில்லை என்று 4 மணிக்கொரு தடவை நாளுக்கு ஆறு முறை கொடுத்தால் 1,500 மி.கி. ஆகிவிடும். அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் எல்லை 600 மி.கி. மட்டுமே. இரண்டரை மடங்கு! மெலிந்த பிள்ளை, மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடாத பிள்ளை, இப்படி இரண்டு மூன்று நாள் குடித்தால் ஈரல் பழுதடையும்.

கணக்கு எழுதிப் பார்க்க வசதியில்லாதவர்களுக்காக இங்கே சில எடைகளுக்குரிய அளவைத் தருகிறோம். எல்லாம் ஒரு தடவைக்குரியது. எல்லாம் கீழ்நோக்கியே இறக்கப்பட்டுள்ளது.

6 கிலோ: 120 போத்தலில் 3.6 மி.லீ., 250 போத்தலில் 1.8 மி.லீ.
8 கிலோ: 120 போத்தலில் 5 மி.லீ., 250 போத்தலில் 2.4 மி.லீ.
10 கிலோ: 120 போத்தலில் 6 மி.லீ., 250 போத்தலில் 3 மி.லீ.
12 கிலோ: 120 போத்தலில் 7.4 மி.லீ., 250 போத்தலில் 3.6 மி.லீ.
15 கிலோ: 120 போத்தலில் 9 மி.லீ., 250 போத்தலில் 4.4 மி.லீ.

எடை இரண்டு வரிகளுக்கு நடுவே இருந்தால் குறைந்த எடையின் வரியை எடுங்கள்.

பாணி கிடைக்காதபோது 500 மி.கி. பரசிற்றமோல் குளிசையைப் பாவிக்கலாம். அதன் கால்வாசி 125 மி.கி. அது 8½ கிலோவிலிருந்து 12½ கிலோ வரையான பிள்ளைக்குப் பொருந்தும். அரைவாசி 250 மி.கி. அது 17 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைக்குரியது. இடைப்பட்ட எடையில் அரைக் குளிசை கூடிவிடும். அவர்களுக்குக் கால் குளிசையே போதும், அல்லது பாணி தேடுங்கள். குளிசையைச் சுத்தமான கரண்டியில் நசித்துச் சிறிது நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். தடிமனுக்கென்று விற்கும் கலப்புக் குளிசைகளையும், கோப்பி மருந்து கலந்த பெரியவர்களுக்கான குளிசைகளையும் பிள்ளைகளுக்கு உடைத்துக் கொடுக்கக் கூடாது. கலப்புக் குளிசைக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கும். பாணியோடு அதையும் கொடுத்தால் இருமுறை கொடுத்ததாகும்.

5. அளந்து கொடுப்பது

தேக்கரண்டியை நம்ப வேண்டாம். வீட்டுக் கரண்டிகளில் சிறியதும் பெரியதும் உண்டு. போத்தல் மூடியும் அளவு கருவியன்று. பார்மசியில் 5 மி.லீ. சிறிஞ் மலிவாகக் கிடைக்கும். ஊசியை நீக்கிவிட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கோடும் 0.2 மி.லீ. 6 மி.லீ. வேண்டுமாயின் ஒரு முறை 5, இன்னொரு முறை 1. பாணியின் மருந்து அடியில் தங்கியிருக்கும். ஆதலால் அளப்பதற்கு முன் போத்தலை நன்றாகக் குலுக்க வேண்டும். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, சிறிஞ்சைக் கன்னத்தின் உட்புறமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். தொண்டைக்குள் பீய்ச்ச வேண்டாம், புரையேறும்.

கொடுத்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். தாய் வயலில் கூலி வேலைக்குப் போக அம்மம்மா ஒரு தடவை, தாய் திரும்பி வந்து மறு தடவை எனக் கொடுத்து அளவு கூடிப்போவது எங்கள் வீடுகளில் வழக்கம். எழுத்து வாசிக்க இயலாத அம்மம்மாவும் கதவில் கரித்துண்டால் நான்கு கோடு போடலாம். நான்காவது கோடு போட்டபின் அன்றைக்கு இல்லை.

மருந்து கொடுத்துச் சில நிமிடங்களுக்குள் பிள்ளை முழுவதையும் வாந்தி எடுத்தால் ஒரே ஒரு தடவை மீண்டும் கொடுக்கலாம். அரை மணி நேரத்துக்குப் பின் வாந்தி எடுத்தால் மீண்டும் கொடுக்க வேண்டாம். ஆறு மணி நேரம் ஆகும் முன் காய்ச்சல் திரும்பினால் என்ன செய்வது? இதுவே தாய்மாருக்கு ஆகவும் பொறுக்க முடியாத நேரம். அப்போது வேறு மருந்தைத் தேட வேண்டாம். பரசிற்றமோலுக்கும் இபுபுரோபனுக்கும் மாறி மாறிப் போவதும் வேண்டாம். கனத்த உடுப்பைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடலைத் துடையுங்கள். குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் பிள்ளையை நடுங்கச் செய்யும். குடிக்கக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுங்கள். மற்றவர்களுக்குக் கஞ்சி, இளநீர், ஜீவனி, சூப் என்பன நல்லவை. சிவப்பும் மண்ணிறமுமான பானங்களைத் தவிருங்கள். பிள்ளை வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமற் போய்விடும்.

6. வெளிநாட்டுப் பொதியில் வரும் மருந்து

பொதியில் வரும் போத்தலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பரசிற்றமோலை “அசெற்றமினோபென்” என்று எழுதுவார்கள். பெயர் வேறு, மருந்து ஒன்று. அதையும் பனடோலையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டிப்பு அளவாகும். வலுவும் இங்குள்ளதைப் போன்றதன்று. அங்கு பிள்ளைகளுக்கான பாணி பெரும்பாலும் 5 மி.லீ.யில் 160 மி.கி. இபுபுரோபனிலும் இரண்டு வகை உண்டு. பிள்ளைகளுக்கான பாணியில் 5 மி.லீ.யில் 100 மி.கி. கைக்குழந்தைக்கான துளி மருந்தில் அதே அளவுக்கு 200 மி.கி. சின்னப் போத்தல் மென்மையான மருந்து என்று எண்ணிவிட வேண்டாம். அதுவே வலுக் கூடியது. இந்தப் போத்தல்களைப் பாவிப்பதற்கு முன் வைத்தியரிடமோ பார்மசிக்காரரிடமோ காட்டுங்கள். இபுபுரோபனாயின் காய்ச்சலுக்கு எடுக்காமல் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

7. காய்ச்சல் இறங்கியபின்

அந்தப் பிள்ளைக்குத் திரும்புவோம். மூன்றாம் நாள் பிற்பகல். மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கியிருந்தது. தாய் ஆறுதலாக இருந்தார். ஆனால் பிள்ளை சோர்ந்து கிடந்தது. காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்றார். மூன்று முறை வாந்தி எடுத்திருந்தது. கைகால்களைத் தொட்டுப் பார்த்தோம், குளிர்ந்திருந்தன. வயிற்றைத் தொட்டதும் அழுதது.

டெங்குவில் காய்ச்சல் இறங்குவதே ஆபத்து நீங்கியதன் அறிகுறியன்று. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரையான காலத்தில், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த நிலை ஒரு நாள் அல்லது இரண்டு நாள் நீடிக்கும். அந்நேரத்தில் பிள்ளைக்குச் சரியான அளவில் நீர் ஏற்றிக் காப்பாற்ற ஆஸ்பத்திரியால் முடியும். தவறவிட்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். மருந்தினால் காய்ச்சல் இறங்கியதா, நோய் தானே அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டதா என்று வீட்டில் பிரித்தறிய முடியாது. காய்ச்சலை வலிந்து இறக்கும் இபுபுரோபன் இந்தக் குழப்பத்தைக் கூட்டிவிடுகிறது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று போத்தல்களையும் கையோடு கொண்டுபோனோம். இரத்தப் பரிசோதனையில் சிறுதட்டுகள் குறைந்திருந்தன, டெங்கு என்று உறுதியானது. வைத்தியர் போத்தல்களைப் பார்த்து, எது எத்தனை தடவை, கடைசியாக எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த விவரம் அவருக்கு வேண்டியிருந்தது. பிள்ளை ஐந்து நாள் வார்ட்டில் இருந்து வீடு திரும்பியது. அன்று இரவும் வெளிநாட்டுப் போத்தலிலிருந்தே மருந்து கொடுத்திருந்தால் என்னவாகியிருக்குமென்று அந்தத் தாய் பின்னர் எம்மிடம் கேட்டார். எம்மிடம் அதற்கு விடை இல்லை.

பின்வரும் எந்த அறிகுறி கண்டாலும் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாமதியாமல் போக வேண்டும்:

- விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி
- மூக்கு, முரசு போன்ற இடங்களில் இரத்தம் கசிதல், கறுத்த மலம், இரத்த வாந்தி
- கைகால் குளிர்ந்துபோதல், சோர்ந்து அல்லது மயங்கிக் கிடத்தல், அமைதியின்றித் திமிறுதல்
- ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, குடிக்க இயலாமை
- வலிப்பு, மூச்சுத் திணறல்

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்து தேடி நிற்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றைய பிள்ளைகளுக்கும் காய்ச்சல் மூன்றாம் நாளை எட்டினால், அறிகுறி எதுவுமில்லாவிட்டாலும், வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். அவசரத்தில் வாகனம் இல்லாதவர்கள் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

மருந்தின் அளவு கூடிவிட்டதென்று தெரிந்தால், பிள்ளை நல்லபடியாக விளையாடிக்கொண்டிருந்தாலும் போக வேண்டும். பரசிற்றமோல் ஈரலைத் தாக்கும்போது முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாது. வாந்தி, பசியின்மை, வலப்புற வயிற்று நோ என்பன ஒன்றிரண்டு நாள் சென்றே தெரியவரும். அதற்கென்று முறிவு மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு. ஒரேயடியாகக் கூடக் குடித்த பிள்ளைக்கு 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது நன்றாக வேலை செய்யும். போத்தலையும் கொண்டுபோங்கள்.

குழுவாகக் கூடிச் செய்து பார்க்க

1. உங்கள் வீட்டிலுள்ள மருந்துப் போத்தல்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றிலும் மருந்தின் பெயரையும் 5 மி.லீ.யில் எத்தனை மி.கி. என்பதையும் சேர்ந்து வாசியுங்கள். வாசிக்க முடியாத போத்தலை என்ன செய்வது என்று பேசுங்கள்.

2. உங்கள் பகுதியிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எடையை ஒரு நாளில் நிறுத்து, ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் எடையையும் அந்த எடைக்குரிய மி.லீ. அளவையும் எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

3. இந்தக் கணக்கைச் செய்யுங்கள்: ஒரு பிள்ளையின் எடை 9 கிலோ. கையில் இருப்பது 250 போத்தல். ஒரு தடவைக்கு எத்தனை மி.லீ.? நாளுக்கு ஆகக்கூடியது எவ்வளவு மி.கி.? (விடை: 9 x 15 = 135 மி.கி. 135 x 5 = 675. அதை 250 ஆல் வகுக்க 2.7. கீழிறக்கி 2.6 மி.லீ. நாளெல்லை 540 மி.கி.)